வரன் தளத்தில் முதலில் நிற்க வேண்டிய படம் எது?

வரன் பார்க்கும் தளத்தை யார் திறக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். பெரும்பாலும் அம்மா அல்லது அப்பா. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனில் விரலால் தள்ளிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு வரனுக்கும் திரையில் கிடைப்பது ஒரு சிறிய கட்டம், அதன் பக்கத்தில் வயது, நட்சத்திரம், படிப்பு, வேலை. அந்தக் கட்டத்தில் தெரிவது முதல் படம் மட்டும்தான். மற்ற நான்கைந்து படங்களை, உள்ளே தொட்டுப் போனவர்கள் மட்டுமே பார்ப்பார்கள்.

ஆகவே முதல் படத்தின் வேலை வேறு, மற்றவற்றின் வேலை வேறு. ஆளின் உயரம், உடை, வீடு, ஊர் சுற்றும் பழக்கம் இதையெல்லாம் பின்னால் வரும் படங்கள் சொல்லிக்கொள்ளும். முதல் படம் ஒன்றை மட்டும் செய்தால் போதும்: முகம் இதுதான், இவரோடு உட்கார்ந்து பேசலாம் என்று அந்தச் சின்னக் கட்டத்துக்குள்ளேயே தெரிய வேண்டும். முன்பின் தெரியாத முகத்தைப் பார்த்து நம்பலாமா வேண்டாமா என்று மனசு ஒரு முடிவுக்கு வர நொடியில் பத்தில் ஒரு பங்கே போதுமென்று 2006-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் காட்டினார்கள். அந்த முடிவு சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் விரல் நிற்பதும் நகர்வதும் அதை வைத்துத்தான்.

ஈரோட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். வரன் பதிவுக்குப் படம் எடுக்க வருபவர்களை விட, கையில் இருக்கும் படங்களில் எதைப் போடுவது என்று கேட்டு வருபவர்கள்தான் இப்போது அதிகம். அப்படி வந்த ஒரு வீட்டின் கதையை வைத்தே இதைச் சொல்கிறேன். மகனுக்கு 29 வயது, ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். அம்மாதான் பதிவு செய்யப் போகிறார். அவர் போனில் ஐந்து படங்கள் இருந்தன: நீலப் பின்னணியில் எடுத்த ஸ்டுடியோ படம், தங்கை கல்யாணத்தில் கோட் போட்டு நின்ற கும்பலிலிருந்து வெட்டியெடுத்த படம், காருக்குள் எடுத்த செல்ஃபி, கொடைக்கானலில் கூலிங்கிளாஸ் போட்டு மலைமுகட்டில் நிற்கும் படம், வீட்டுத் திண்ணையில் தங்கை போனில் எடுத்த சாதாரணப் படம்.

அம்மா ஸ்டுடியோ படத்தைத்தான் காட்டினார். "இதுல நல்லா வெள்ளையா இருக்கானுங்க தம்பி, இதையே மொதல்ல போட்டுரலாமுங்களா?" மகனுக்குக் கொடைக்கானல் படம். இரண்டுமே முதல் இடத்துக்கு ஆகாது என்பது என் கருத்து. ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கொடைக்கானல் படம் எளிதாக விழுந்துவிடும். கேலரியைத் திறந்து, படங்களெல்லாம் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரியும்படி வைத்து, போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். மலை தெரிந்தது, மேகம் தெரிந்தது, நடுவில் ஒரு ஆள் நிற்பது தெரிந்தது. அது யார் என்று பெற்ற அம்மாவுக்கே சொல்லத் தெரியாது. கண்ணும் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால். படமாக அது நல்ல படம். மூன்றாவதாகவோ நான்காவதாகவோ போட்டால் அழகாக உட்காரும். முதல் படத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன்: தலையுச்சியிலிருந்து தாடை வரை உள்ள முகம், படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது, பாதிக்கு மேலும் போக வேண்டாம். தோள் கொஞ்சம் தெரிந்தால்தான் ஆள் மாதிரி இருக்கும். மிகவும் நெருங்கினால் அடையாள அட்டைப் படம் போல ஆகிவிடும். சில இடங்களில் படத்தை வட்டமாக வெட்டிக் காட்டுவார்கள், ஆகவே தலைக்கு மேலும் பக்கவாட்டிலும் கொஞ்சம் காலியிடம் விட்டிருப்பது நல்லது.

கல்யாணக் கும்பலில் இருந்து வெட்டிய படம் பலருக்கும் பிடித்த வழி. அன்றைக்கு நல்ல உடை, நல்ல முடி, முகத்தில் மகிழ்ச்சி, காசு வாங்கி எடுத்த கேமரா. எல்லாம் சரிதான். ஆனால் வெட்டியெடுக்கும்போது மூன்று தொல்லைகள் வரும். பக்கத்தில் நின்றவரின் தோளோ கையோ ஓரத்தில் தொங்கும். பார்ப்பவர் கண் முதலில் அங்கேதான் போகும், வெட்டப்பட்டது யார் என்ற கேள்வியும் வரும். இரண்டாவது, பன்னிரண்டு பேர் நிற்கும் படத்தில் ஒரு முகத்துக்குக் கிடைக்கும் புள்ளிகள் குறைவு. அதுவும் அந்தப் படம் வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் ஏற்கெனவே ஒருமுறை சுருங்கித்தான் வந்திருக்கும். பெரிதாக்கினால் தோல் மெழுகு பூசியது போலத் தெரியும். மூன்றாவது மேடை விளக்கு. மேலிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் புருவத்தின் நிழல் கண்குழியில் விழுந்துவிடும். கண் இருட்டாக இருந்தால் எவ்வளவு சிரித்தாலும் முகம் திறந்த மாதிரி இருக்காது. இவர்கள் வைத்திருந்த படத்தில் இந்த மூன்றுமே இருந்தன. உங்கள் வீட்டில் மூலப்படம் இருந்து, நீங்கள் ஓரத்தில் தனியாக நின்று, பகல் வெளிச்சத்தில் எடுத்ததாக இருந்தால் கல்யாணப் படமும் முதல் இடத்துக்குத் தகுதியானதே.

இனி செல்ஃபி. இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் இன்றைக்கு வரும் பதிவுகளில் பாதிக்கு மேல் இதுதான், அதில் உள்ள கோளாறு எடுத்தவருக்கே தெரிவதில்லை.

மூக்கின் நுனிக்கும் காதுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் இருக்கும். போனைக் கையில் பிடித்து 30 சென்டிமீட்டரில் எடுத்தால், மூக்கை விடக் காது கேமராவிலிருந்து மூன்றில் ஒரு பங்கு கூடுதல் தூரத்தில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் தெரியும், அவ்வளவுதான். மூக்கு புடைக்கும், நெற்றி முன்னால் வரும், காது பின்னால் ஒளியும், தாடை குறுகும். அதே முகத்தை ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் இந்த வித்தியாசம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். 2018-இல் அமெரிக்க முக அறுவை மருத்துவர்கள் இதைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள்: 12 அங்குலத்தில் எடுத்த செல்ஃபியில், 5 அடி தள்ளி எடுத்ததை விட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது. செல்ஃபியைப் பார்த்துவிட்டு மூக்கைச் சரிசெய்ய வேண்டும் என்று வருபவர்களுக்குக் காட்டுவதற்காகவே அந்தக் கணக்கைப் போட்டார்கள்.

இது லென்சின் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, தூரத்தின் குற்றம். எவ்வளவு விலையுயர்ந்த போனாக இருந்தாலும் கை நீளத்தில் எடுத்தால் இதுதான் நடக்கும். தப்பிக்க வழி எளிது: வேறொருவர் கையில் போனைக் கொடுங்கள், அவர் ஒன்றரை இரண்டு மீட்டர் தள்ளி நிற்கட்டும், திரையில் 2x என்று இருப்பதைத் தொட்டு நெருக்கிக்கொள்ளட்டும். பின்பக்கக் கேமராவில் எடுக்கட்டும். போனை உங்கள் கண் மட்டத்தில் பிடிக்கட்டும். ஆளே கிடைக்கவில்லை என்றால் ஜன்னல் விளிம்பில் போனைச் சாய்த்து வைத்து டைமர் போட்டாலும் போதும்.

செல்ஃபி எடுத்தவர்களுக்கு மட்டும் அது ஏன் நன்றாகத் தெரிகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. முன்கேமரா காட்டுவது கண்ணாடியில் தெரியும் பிம்பம், இடவலம் மாறியது. தினமும் நாம் பார்த்துப் பழகிய முகம் அதுதான். 1977-இல் ஒரு ஆய்வில் பெண்களிடம் அவர்களுடைய படத்தையும் அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் காட்டினார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது பெரும்பாலும் கண்ணாடிப் பிம்பம். அவர்களுடைய தோழிகள் தேர்ந்தெடுத்தது நேர்ப்படம். வகிடு எந்தப் பக்கம், மச்சம் எந்தக் கன்னத்தில் என்பதெல்லாம் நேரில் பார்க்கும்போது மாறாமல் இருக்க வேண்டுமானால் நேர்ப்படமே சரி. ஆகையால் செல்ஃபி முதல் படமாக வேண்டாம் என்பது என் முடிவு. காருக்குள் எடுத்த செல்ஃபி எந்த இடத்திலும் வேண்டாம். சீட் பெல்ட்டும், பக்கத்து ஜன்னலின் வெள்ளை வெளிச்சமும், பாதி முகத்தில் இருட்டும் ஒருவருக்கும் நன்மை செய்வதில்லை.

ஸ்டுடியோ படத்துக்கு வருவோம். என் தொழிலைப் பற்றி நானே சொல்வதால் தயக்கமில்லாமல் சொல்லலாம். ஸ்டுடியோவில் வெளிச்சம் சரியாக இருக்கும், தூரம் சரியாக இருக்கும், முகம் தெளிவாக இருக்கும். தெளிவு என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் ஐந்தில் இதுதான் முதல். ஆனால் அந்தப் பையனின் படத்தில் இரண்டு குறைகள்.

ஒன்று, முகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. பாஸ்போர்ட் படத்துக்கு வாயை மூடி, சிரிக்காமல், நேராகப் பார்க்க வேண்டும் என்பது விதி. இயந்திரமும் அதிகாரியும் முகத்தை ஒப்பிடுவதற்காக வைத்த விதி அது. அதே நாற்காலியில், அதே பழக்கத்தில் வரன் படத்தையும் எடுத்துவிடுகிறோம். பார்ப்பவருக்கு அது விண்ணப்பத்தில் ஒட்டிய படமாகத்தான் தோன்றும்.

இரண்டாவது குறை பெரிது. படத்தை வெளுக்க வைத்திருந்தார்கள். அம்மா சொன்ன "வெள்ளையா" என்பது அதுதான். நேரில் பையன் நல்ல மாநிறம். படத்தில் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், சட்டைக் கைக்கு வெளியே தெரிந்த கை இன்னொரு நிறம். பெண் வீட்டார் நேரில் வந்து உட்கார்ந்ததும் முதலில் அவர்கள் மனதில் ஓடுவது இந்த வித்தியாசம்தான். நிறம் அவர்களுக்குப் பொருட்டே இல்லாவிட்டாலும், "படத்தில் மாற்றியவர்கள் வேறு எதை மாற்றினார்களோ" என்ற சந்தேகம் வந்துவிடும். அந்தப் பையனுக்கு அப்படி ஒரு அவமானம் தேவையே இல்லை. மாநிறமும் கறுப்பும் மறைக்க வேண்டிய குறை அல்ல, சரியான வெளிச்சத்தில் எடுத்தால் அந்தத் தோலில் வருகிற மினுமினுப்பு எனக்கு எப்போதும் பிடிக்கும். அதை அழித்துச் சுண்ணாம்பு பூசுவதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது.

வெளுப்பதிலும் ஃபில்டர் போடுவதிலும் இன்னொரு இழப்பு உண்டு, அதை யாரும் கவனிப்பதில்லை. ஃபில்டரின் வேலை தோலில் உள்ள மெல்லிய கோடுகளையும் நிழல்களையும் தேய்ப்பது. ஆனால் உண்மையான சிரிப்பு முகத்தில் தெரிவதே அந்தக் கோடுகளில்தான். 1862-இல் துஷென் என்ற பிரெஞ்சு மருத்துவர் முகத் தசைகளை ஆராய்ந்து எழுதினார்: வாய் ஓரத்தை மேலே இழுக்கும் தசையை நினைத்தவுடன் இயக்கிவிடலாம், கண்ணைச் சுற்றியுள்ள தசை உள்ளத்தில் மகிழ்ச்சி வந்தால்தான் சேர்ந்து இயங்கும். அது இயங்கும்போது கன்னம் கொஞ்சம் மேலேறும், கண் சற்றுச் சுருங்கும், கண்ணோரத்தில் கோடு விழும். ஃபில்டர் தேய்த்து அழிப்பது சரியாக அந்தக் கோட்டைத்தான். பல்லைக் காட்டிச் சிரித்த படம்கூட, ஃபில்டருக்குப் பிறகு, வாய் மட்டும் சிரித்த படமாக ஆகிவிடுகிறது. புதிய போன்களில் அழகூட்டும் வசதி நாம் கேட்காமலே இயங்கிக்கொண்டிருக்கும். கேமரா அமைப்புக்குள் போய் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு எடுங்கள்.

மிஞ்சியது திண்ணைப் படம். அம்மாவுக்கு அது கண்ணிலேயே படவில்லை. "அது சும்மா வீட்ல எடுத்ததுங்க" என்றார். எனக்கு ஐந்தில் அதுதான் பிடித்தது. திண்ணை நிழலில் உட்கார்ந்திருக்கிறான், வெளிச்சம் தெருப்பக்கம் இருந்து வருகிறது, இரண்டு கண்ணிலும் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி மின்னுகிறது. தங்கை எதையோ சொல்லி அவன் சிரித்து முடிக்கும் நேரத்தில் எடுத்திருக்கிறாள். கண்ணோரக் கோடு இருக்கிறது. கட்டமாகச் சுருக்கினாலும் ஆள் யார் என்று தெரிகிறது. ஆனால் அதிலும் குறை இருந்தது: பக்கத்துச் சுவர் பச்சைப் பெயிண்ட். வெயில் அதில் பட்டுத் தெறித்து, ஒரு கன்னம் முழுக்கப் பச்சை பாய்ந்திருந்தது. போட்டிருந்தது பழைய பனியன்.

ஆக, அவர்கள் முன்னால் மூன்று வழி. ஸ்டுடியோ படத்தையே போடுவது, திண்ணைப் படத்தைத் திருத்திப் போடுவது, திண்ணைப் படம் எப்படி வந்ததோ அதே முறையில் இன்னொன்று எடுப்பது. பச்சையைத் திருத்த முடியும், ஆனால் தோல் நிறத்தைத் தொட்டுவிட்டோம் என்றால் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போகும். மூன்றாவது வழியைத்தான் சொன்னேன். செலவு ஒன்றுமில்லை, ஒரு காலை நேரம் போதும்.

எப்படி எடுத்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன், எந்த வீட்டிலும் செய்யலாம். காலை ஒன்பது மணி வாக்கில், வெயில் நேரே விழாத வாசல் நிழல். நிழலுக்குள் ஒரு அடி மட்டும் உள்ளே உட்கார்ந்து, முகம் வெளிச்சத்தைப் பார்த்தபடி. பச்சைச் சுவருக்குப் பதிலாக, வெகுதூரம் பின்னால் மரக்கதவு. வாசல் வெளிச்சம் இல்லாத அடுக்குமாடி வீடாக இருந்தால் பெரிய ஜன்னலுக்கு எதிரே உட்காரலாம், ஆனால் அறையின் டியூப்லைட்டை அணைத்துவிட வேண்டும். ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்தால் முகம் இரண்டு நிறமாகத் தெரியும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருக்கவே கூடாது. கேமரா மொத்தப் படத்தின் வெளிச்சத்தைச் சராசரியாக எடுத்துக்கொள்ளும். பின்னால் பளிச்சென்று இருந்தால் முகத்தைக் கறுப்பாக்கிவிடும். வெள்ளைச் சுவரும் வெள்ளைச் சட்டையும் இதையே கொஞ்சம் குறைவாகச் செய்யும். மாநிறத்தவர்கள் படத்தில் "இருட்டாக விழுகிறேன்" என்று சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான், நிறம் அல்ல. திரையில் முகத்தின் மேல் விரலால் தொட்டால் கேமரா முகத்துக்கு ஏற்ப வெளிச்சத்தை வைத்துக்கொள்ளும். இன்னும் போதவில்லையென்றால் பக்கத்தில் வரும் சூரியக் குறியை மெல்ல மேலே தள்ளலாம். அவனுக்கு நீலச் சட்டை போடச் சொன்னேன், கோடோ கட்டமோ இல்லாதது.

சிரிப்புக்கு ஒரே வழி பேச்சுதான். "சிரிங்க" என்றால் வாய்தான் சிரிக்கும். தங்கையே எடுக்கட்டும் என்றேன், அவளிடம்தான் அவன் முகம் இளகுகிறது. ஒரே பேச்சில் தொடர்ந்து பல படங்கள் எடுக்க வேண்டும். வெடித்துச் சிரிக்கும் கணத்தில் கண் மூடிக்கொள்ளும், அது ஆகாது. சிரிப்பு அடங்கி, கண்ணில் மட்டும் கொஞ்சம் தங்கியிருக்கும் அடுத்த நொடிதான் வேண்டியது. பல் தெரிய வேண்டுமா என்று சில வீடுகளில் பெரிய வாக்குவாதமே நடக்கும். பல் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கண்ணோரத்தைப் பாருங்கள். பெண் என்றால் அடக்கமாக, பையன் என்றால் கம்பீரமாக இருக்க வேண்டும் என்று இறுக்கமான முகத்தைத் தேர்ந்தெடுப்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்வதில்லை. அந்த முகத்தோடு யாரும் வீட்டில் வாழ்வதில்லை.

எடுத்தாகிவிட்டது, பத்துப் பன்னிரண்டு தேறுகின்றன என்றால் யார் தேர்ந்தெடுப்பது? இதற்கு என் பதில் பலருக்குப் பிடிக்காது: பையனும் வேண்டாம், அம்மாவும் வேண்டாம். 2017-இல் ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வில், ஒருவருடைய பல படங்களில் எதை முகப்புப் படமாக வைக்கலாம் என்று அவரையும் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள், அவரைத் தெரியாத வேறு ஆட்களையும் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பிறகு மூன்றாம் மனிதர்களிடம் காட்டி மதிப்பிடச் செய்தபோது, தெரியாதவர்கள் தேர்ந்தெடுத்த படங்களே நம்பகமாகவும் கவர்ச்சியாகவும் தோன்றின. நம் முகம் நமக்கு அளவுக்கு மீறிப் பழகியது. அம்மாவோ படத்தில் மகனைப் பார்க்கிறார், படத்தைப் பார்ப்பதில்லை. படத்தைப் பார்க்கப் போவது அவனைத் தெரியாத ஒரு வீடு, ஆகவே அவனைத் தெரியாதவர்களிடம்தான் காட்ட வேண்டும். தங்கையின் அலுவலகத் தோழிகளிடம், அம்மாவின் கோவில் சிநேகிதிகளிடம், மூன்று படங்களை மட்டும் காட்டச் சொன்னேன். "எது நல்லா இருக்கு?" என்று கேட்க வேண்டாம், அப்படிக் கேட்டால் சட்டை நிறத்தைப் பற்றிச் சொல்வார்கள். "பஸ் ஸ்டாண்டில் இவர் நின்றால், மூன்றில் எந்த ஆளிடம் போய் வழி கேட்பீர்கள்?" என்று கேட்டால் போதும். பெரும்பாலும் யோசிக்காமல் ஒன்றைத் தொடுவார்கள். இவர்கள் கேட்ட அநேகமாக எல்லோரும் ஒரே படத்தைத் தொட்டார்கள். அம்மா மனதில் வைத்திருந்தது அது இல்லை.

அப்புறம் வரிசை. இங்கே பலர் செய்வது, எல்லாம் நல்ல படங்கள்தானே என்று எந்த ஒழுங்கும் இல்லாமல் ஏற்றுவது. அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. 2011-இல் பிரிட்டனில் ஒரு சோதனை: இரண்டே பேருடைய 40 படங்களைக் கலந்து கொடுத்து, ஆள்வாரியாகப் பிரிக்கச் சொன்னார்கள். அந்த இருவரும் நெதர்லாந்துப் பிரபலங்கள். பிரிட்டன்காரர்களுக்குத் தெரியாத முகங்கள். ஏழெட்டு ஆட்கள் இருக்கிறார்கள் என்று பிரித்தார்கள். அதே படங்களை நெதர்லாந்துக்காரர்கள் இரண்டே குவியலாகச் சரியாகப் பிரித்துவிட்டார்கள். தெரிந்த முகம் எந்தக் கோலத்திலும் தெரியும். தெரியாத முகம் தாடியும் வெளிச்சமும் கோணமும் மாறினால் வேறு ஆளாகிவிடும். தாடியோடு ஒன்று, மழித்து ஒன்று, கூலிங்கிளாஸோடு ஒன்று, வெளுத்து ஒன்று என்று நான்கு படம் போட்டால் பெண் வீட்டார் மனதில் நான்கு அரைகுறை ஆட்கள்தான் நிற்பார்கள்.

ஆகவே இரண்டாவது படம் முதல் படத்தோடு கை கோர்த்து வர வேண்டும். அதே முடி, அதே மீசை, முடிந்தால் அதே நாளில், ஆனால் தலை முதல் கால் வரை. உயரத்தையும் உடல்வாகையும் தேடி எப்படியும் கேட்பார்கள், அதை மறைக்காமல் இரண்டாவதாகவே கொடுத்துவிடுவது நல்லது. இவர்கள் வாசலில் நின்று எடுத்த முழுப் படத்தை அங்கே வைத்தார்கள். மூன்றாவது, வேட்டி சட்டையில் கல்யாணத்தன்று தனியாக எடுத்த ஒன்று. கல்யாண ஆல்பத்தின் மூலப்படத்தில் தேடியபோது கிடைத்தது. நான்காவதாக அவன் ஆசைப்பட்ட கொடைக்கானல். அந்த நேரத்துக்கு முகம் பார்ப்பவருக்குப் பழகிவிட்டிருக்கும், கூலிங்கிளாஸ் உறுத்தாது. அதே பயணத்தில் கண்ணாடி இல்லாத படம் ஒன்று இருந்தது, அதையே போடலாம் என்று நான் சொன்னேன், அவன் கேட்கவில்லை. பரவாயில்லை. நான்கோடு நிறுத்தச் சொன்னேன். ஐந்தாவதும் ஆறாவதும் சுமாராக இருந்தால் அவை முன்னால் உள்ளவற்றையும் கீழே இழுக்கும். ஸ்டுடியோ படமும் செல்ஃபியும் ஏறவே இல்லை.

குடும்பப் படம் போடலாமா என்று அம்மா கேட்டார். போடலாம், ஆனால் கடைசியில், அதுவும் படத்தில் இருக்கும் தங்கையும் அவள் கணவரும் சரி என்று சொன்னால். கல்யாணமாகாத உறவுப் பெண்கள் நிற்கும் படத்தைத் தளத்தில் ஏற்றக் கூடாது. பைக் நம்பர், வீட்டு எண், கழுத்தில் தொங்கும் கம்பெனி அட்டை எதுவும் எந்தப் படத்திலும் தெரியக் கூடாது.

பெண்ணுக்குப் பதிவு செய்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு தேர்வு இருக்கிறது. பல தளங்களில் படத்தைப் பூட்டி வைத்து, விருப்பம் தெரிவித்தவர்களுக்கு மட்டும் திறந்து காட்டும் வசதி உண்டு. பூட்டினால் பார்ப்பவர்கள் குறைவார்கள், பாதுகாப்பு கூடும். தெளிவில்லாத படத்தை, பாதி முகம் திரும்பிய படத்தை, தூரத்தில் நிற்கும் படத்தை எல்லோருக்கும் திறந்து வைப்பதை விட, தெளிவான படத்தைப் பூட்டி வைப்பதே மேல் என்பேன். முதலாவதில் பாதுகாப்பும் இல்லை, முகமும் இல்லை.

ஏற்றும்போது, தங்கை போனில் எடுத்ததை அம்மா போனுக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் எடுத்தபடியே போய்ச் சேரும். ஏற்றியதும் தளம் தானாக எப்படி வெட்டியிருக்கிறது என்று வேறொரு போனில் திறந்து பார்க்க வேண்டும். இவர்களுக்கு முதல் தடவை தலையுச்சி வெட்டுப்பட்டு, சட்டைப் பொத்தான்கள் நடுவில் நின்றன. மறுபடி வெட்டும் கட்டத்தை மேலே இழுத்து, இரு கண்களும் படத்தின் மேல் மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் வரும்படி வைத்ததும் சரியானது. போன மாதம் அந்த அம்மா கூப்பிட்டார். மகன் தாடி வளர்க்கத் தொடங்கியிருக்கிறானாம், படத்தை மாற்ற வேண்டுமா என்று கேட்டார். பெண் பார்க்கப் போகும்போதும் தாடியோடுதான் போவான் என்றால் முதல் இரண்டையும் மாற்றுங்கள் அக்கா, மழித்துவிடுவான் என்றால் அப்படியே இருக்கட்டும் என்றேன்.